மின்னல் முந்தும், இடி பிந்தும்: 75 நொடி அனிமேஷனுக்காக ஒரு ஸ்கிரிப்டைத் திருத்திய கதை

என் கைக்கு வந்தபோது அது ஸ்கிரிப்டே அல்ல, ஒரு கட்டுரை. மின்னல் தெரிந்து சற்று நேரம் கழித்து ஏன் இடி கேட்கிறது என்று குழந்தைகளுக்கு விளக்கும் 165 சொற்கள். ஒரே குரலில், வாசிப்பவரை மனதில் வைத்து எழுதியது. இதை 75 நொடி அனிமேஷனாக்க வேண்டும். மூன்று பாத்திரங்கள்: மின்னல், இடி, ஒரு சிறுமி. எண்கள், தூரக்கோடு, ஒலி அலை எல்லாம் மோஷன் கிராபிக்ஸாக வரும். ஒரு நொடிக்கு 25 பிரேம் என்பதால் மொத்தம் 1,875 பிரேம்கள்.

முதல் வேலையாக நீளத்தை அளந்தேன். தமிழில் சொற்களை எண்ணி நேரம் கணக்கிட்டால் ஏமாந்துதான் போவோம். ‘நான்’ என்பதும் ஒரு சொல், ‘விரிவடைவதால்’ என்பதும் ஒரு சொல். நான் எழுத்தை எண்ணுவேன், அதுவும் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு. மிச்சம் இருக்கும் ஒவ்வொரு எழுத்திலும் ஓர் உயிரோசை இருப்பதால் வாய் எத்தனை முறை திறக்கிறது என்ற கணக்கு அப்படியே கிடைத்துவிடும். கட்டுரையில் அப்படி சுமார் 560 எழுத்துகள் இருந்தன. குழந்தைகளுக்காக நிதானமாக வாசித்து நானே ஒரு ஸ்கிராட்ச் டிராக், அதாவது நேரம் பார்ப்பதற்கான தற்காலிகக் குரல், பதிந்து பார்த்தேன். நொடிக்கு ஐந்து எழுத்து வந்தது. அப்படியானால் 112 நொடி. இருப்பதோ 75.

சரி, மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வெட்டிய வடிவத்துக்கு ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக அடுக்கி, ஸ்கிராட்ச் குரலையும் சேர்த்து ஓர் அனிமேட்டிக் செய்தோம். நேரம் கச்சிதமாக 75 நொடி. படம் மட்டும் விளங்கவில்லை.

வினைச்சொல் வரும் வரை படம் என்ன செய்யும்?

கோளாறு எங்கே என்று முதலில் காட்டிக்கொடுத்த வரி இது: “மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால்தான் இடி உண்டாகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல.” படிக்கும்போது இதில் குறையே தெரியாது. அனிமேட்டிக்கில் என்ன நடந்தது என்றால், ‘மேகங்கள்’ என்ற சொல்லுக்கு இரண்டு மேகங்கள் வந்தன, ‘மோதுவதால்’ என்றதும் அழகாக மோதிக்கொண்டன. பிறகு நான்கைந்து நொடி அந்த மோதல்தான் திரையில் இருந்தது. கடைசியில் வந்த ‘சரியல்ல’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தது. எங்கள் குழுவில் ஒருவருடைய மகன் அதைப் பார்த்துவிட்டுப் போய், “மேகம் மோதினால்தான் இடி” என்று அம்மாவிடம் பாடம் நடத்தியிருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழ் வாக்கியத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற முடிவு கடைசியில்தான் வரும். ஏட்டில் அது சிக்கலே இல்லை, கண் ஒரே பார்வையில் வரி முழுவதையும் அள்ளிவிடும். திரையில் படம் முன்னால் ஓடிவிடுகிறது, மறுப்பு பின்னால் நடந்து வருகிறது. கண் முதலில் பார்த்ததை நம்பிவிட்டது. காது அதைத் திருத்த வருவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

வரியைச் சுருக்கியதால் இது சரியாகவில்லை. உடைத்ததால்தான் சரியானது. சிறுமி கேட்கிறாள்: “மேகம் மோதுறதாலயா இடி வருது?” கேள்வி என்பதால், மேகங்கள் அவள் தலைக்கு மேல் ஒரு நினைப்புக் குமிழிக்குள், கிறுக்கல் படமாக மட்டும் நகர்கின்றன. மோதுவதற்குச் சற்று முன் மின்னல் குறுக்கே வெட்டுகிறது: “இல்ல.” குமிழி உடைகிறது. மோதல் திரையில் நிகழவே இல்லை. நிகழாத ஒன்றை யாரும் நினைவில் எடுத்துப் போக முடியாது.

அதிலிருந்து பிடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் பொருள் எந்தச் சொல்லில் முடிவாகிறதோ அதன்மேல் ஒரு வட்டம் போடுவேன். அனிமேட்டருக்கு அந்த வட்டம்தான் பீட், அதாவது படத்தில் மாற்றம் விழ வேண்டிய கணம். வரி எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை.

ஒரு வாக்கியம், நான்கு இடங்கள்

கட்டுரையின் நடுநாயகமான வாக்கியம் இது:

“மின்னல் தோன்றும்போது அதன் பாதையில் உள்ள காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி, வெடிப்பது போல விரிவடைவதால் ஏற்படும் அதிர்வலையே நமக்கு இடியோசையாகக் கேட்கிறது.”

எண்ணிப் பார்த்தால் 68 எழுத்து, ஏறத்தாழ பதிமூன்றரை நொடி. இதில் ஒரு நல்ல விஷயம், காரணங்கள் நடந்த வரிசையிலேயே வருகின்றன: சூடு, விரிவு, அதிர்வு, ஓசை. படத்துக்கு அதைவிடத் தோதான வரிசை கிடையாது. ஆனால் ‘சூடாகி’, ‘விரிவடைவதால்’, ‘ஏற்படும்’ என்று எச்சங்களாகவே போவதால் எந்த இடத்திலும் குரல் இறங்கி நிற்பதில்லை. குரல் நிற்காத இடத்தில் படத்தை நிறுத்தினால் ஏதோ தடங்கல் போலத் தெரியும். நிறுத்தாமல் ஓடவிட்டால் எதுவுமே பதியாது. அதனால் எச்சங்களை முற்றுகளாக்கி, மின்னலுக்கும் இடிக்கும் பிரித்துக் கொடுத்தோம். எந்த வரி, எந்தப் படம் எந்தக் கணத்தில் வரும் என்று குறித்துவைக்கும் பீட் தாளின் அந்தப் பகுதியை அப்படியே தருகிறேன். முதல் எண் நொடி, அடுத்தது பிரேம்.

20:00 — மின்னல்: “நான் போன வழி.” — மின்னல் கோடு திரையில் நிற்கிறது.
21:00 — மின்னல்: “காத்து சூடு.” — கோட்டைச் சுற்றியுள்ள துகள்கள் சிவக்கின்றன.
21:20 — மின்னல்: “முப்பதாயிரம் டிகிரி!” — எண் வருகிறது, 24:00 வரை நிற்கிறது.
24:00 — இடி: “அவ்ளோ சூடு பட்டா காத்து சும்மா இருக்குமா?” — எண் மறைகிறது. துகள்கள் நடுங்குகின்றன. புதிதாக எதுவும் வராது.
28:00 — இடி: “விரிஞ்சுது...” — முதல் வளையம்.
29:12 — இடி: “வெடிச்ச மாதிரி விரிஞ்சுது.” — வளையம் திரையின் பாதி வரை.
32:05 — இடி: “அந்த அதிர்வுதான்...” — வளையம் திரையை நிறைக்கிறது.
34:05 — இடி: “நான்.” — வளையத்தின் நடுவே இடியின் முகம்.

எழுத்துகள் 68-இலிருந்து 52 ஆகிவிட்டன, நேரமோ ஒரு நொடி கூடியிருக்கிறது. தயாரிப்பாளருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. வெட்டச் சொன்னால் நீட்டி வைத்திருக்கிறாரே என்று நினைத்திருப்பார். அந்தக் கூடுதல் நேரம் முழுக்க நிற்கும் நேரம். எண் வந்த பிறகு ஒரு நொடிக்கு மேல் அசையாமல் இருக்கிறது. 24:00-இல் வரும் கேள்வியின்போது புதுப் படமே இல்லை, அதுவரை பார்த்ததைப் பார்வையாளர் செரித்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி. இதை ஈடுகட்ட வேறு இடத்தில் ஒரு பத்தியையே தூக்கினோம். மின்னலின் வகைகளைப் பற்றிய பத்தி அது. நல்ல பத்திதான், ஆனால் கேட்ட கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘முப்பதாயிரம்’ பற்றி ஒரு சின்ன விஷயம். முதலில் 30,000 என்ற எண் முழுவதும் ‘மு’ என்று வாய் திறக்கும்போதே திரையில் குதித்தது. ஒலிக்கு முன்பே விடை தெரிந்துவிட்டதால் அந்த வரியில் வியப்பு போய்விட்டது. பிறகு ‘முப்ப’ வரை 30 மட்டும், ‘தாயிரம்’ என்பதற்கு மூன்று பூஜ்ஜியங்கள் என்று பிரித்தோம். தமிழ் எண்பெயர் தானே அப்படிப் பிரிந்துதான் நிற்கிறது. படத்துக்கு நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

குரலும் திரையெழுத்தும் மோதாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். திரையில் ‘மூன்று நொடி’ என்று எழுதிவிட்டு ‘மூணு செகண்டு’ என்று குரல் கொடுத்தால் கண் ஒன்றைப் படிக்கும், காது இன்னொன்றைக் கேட்கும். எண்ணை இலக்கமாகவும் நொடியைக் கடிகாரப் படமாகவும் போட்டதும் அந்தச் சண்டை ஓய்ந்தது.

பெயரை மறைத்துவிட்டுப் படித்தால்

மூன்று பாத்திரங்களுக்கு வசனம் எழுதிய முதல் வரைவில் நான் செய்தது சீட்டுப் பிரிப்பதுதான். கட்டுரையின் வரிகளை எடுத்து, உனக்கொன்று எனக்கொன்று என்று மூவருக்கும் பகிர்ந்திருந்தேன். இடப்பக்கப் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது ஐந்து வரிகளை யார் பேசுகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை. டப்பிங்கில் குரலை மாற்றிக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அப்படிப் போனால் மூன்று பேர் ஒரே ஆளை நடித்துக் காட்டுவது போலத்தான் இருக்கும்.

பாத்திரங்களின் இயல்பை வெளியே தேடாமல் இயற்பியலிலேயே எடுத்தோம். மின்னல் ஒரு கணத்தில் முடிந்துபோவது. அதற்கு மூன்று சொல்லுக்கு மேல் ஒரே மூச்சில் வராது, பல வரிகளில் வினையே இருக்காது. “காத்து சூடு” என்பதில் ‘ஆச்சு’ என்று சேர்த்தால் அது மின்னல் பேசியது அல்ல. இடி பிந்தி வருவது, உருண்டு வருவது. அதன் வரிகளில் நெடில் எழுத்துகளாகத் தேடி வைத்தேன். சொன்னதையே திரும்பச் சொல்லும், நடுவில் இழுக்கும், எப்போதும் கடைசிச் சொல் அதனுடையதுதான். சிறுமி எதையும் விளக்குவதில்லை. கேட்பாள், எண்ணுவாள், அவ்வளவுதான். விளக்கம் சொல்லும் ஆசை அவள் வாயில் வந்தாலே அந்த வரியை அடித்துவிடுவேன்.

இதனால் வேகக் கணக்கும் மாறியது. மின்னலுக்கு நொடிக்கு எட்டு எழுத்து, இடிக்கு நான்கு. ஒரே வரியை மின்னலிடமிருந்து இடிக்கு மாற்றினால் அதன் நீளம் இரு மடங்காகிவிடும். எனவே யார் எதைச் சொல்கிறார் என்பதும் நேரத்தை நிர்ணயித்துவிடுகிறது. பீட் தாளைப் போட்டுவிட்டு வசனங்களை இடம் மாற்றக்கூடாது என்று அனிமேட்டர்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

உறவுமுறையில் ஒரு சறுக்கல் நடந்தது. இடி, மின்னலை ‘அக்கா’ என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தேன். முந்தி வருபவள் அக்கா, பிந்தி வருபவன் தம்பி. கேட்கவும் இனிமையாகத்தான் இருந்தது. ஸ்கிரிப்டைச் சரிபார்த்த இயற்பியல் ஆசிரியர் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டு அனுப்பினார். போனில் கேட்டேன். “அக்கான்னா முன்னாடி பிறந்தவன்னு ஆயிடும் இல்லையா? ரெண்டும் பிறக்கிறது ஒரே நேரத்துல. வந்து சேர்றதுதான் முன்னே பின்னே” என்றார்.

படம் சொல்ல வந்ததே அதைத்தான். அதை ஒரே ஒரு விளிச்சொல் கவிழ்த்திருக்கும். தமிழில் உடன்பிறந்தவரை அழைக்கும் வழக்கமான சொற்களில் மூப்பு இளமை ஒட்டிக்கொண்டே வரும், இரட்டையர்களுக்குக்கூட. கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் ‘ஏய்’, ‘நீ’ என்றே பேசிக்கொண்டார்கள். இடி வந்து சேர்ந்ததும் சொல்லும் “ஒண்ணாத்தானே கிளம்பினோம்!” என்ற வரி இந்தத் திருத்தத்தில் பிறந்தது. படத்தில் எனக்குப் பிடித்த வரியும் அதுதான்.

ஆறு நொடி மௌனம்

இதிலேயே அதிகச் சண்டை நடந்த இடத்துக்கு வருகிறேன். சிறுமி மின்னலைப் பார்த்து, எண்ணி, இடி கேட்டதும் தூரத்தைக் கண்டுபிடிக்கிறாள். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். ஆறு எண்ணினால் இரண்டு கிலோமீட்டர். அந்த ஆறு நொடியைத் திரையில் முழுதாக விட வேண்டும் என்றேன். 75-இல் ஆறு நொடி எண்ணுவதைத் தவிர யாரும் எதுவும் பேசாமல் இருப்பதா, இரண்டாகச் சுருக்குங்கள் என்றார் தயாரிப்பாளர். சுருக்கினால் ‘ஆறு’ என்று சொல்லும் பெண்ணின் முகத்துக்குக் கீழே கடிகாரம் இரண்டைக் காட்டும். பார்க்கும் குழந்தை கூடவே எண்ணினால் கணக்கு இடிக்கும். வேறு இடத்தில் நேரத்தைச் சுருக்குவது சினிமா, இங்கே சுருக்கினால் தப்பான பாடம். ஆறு நொடி நின்றது.

பதிவில்தான் உண்மையான பிழை நுழைந்தது. குரல் கொடுத்த சிறுமி ‘ஒண்ணு, ரெண்டு’ என்று விளையாட்டில் எண்ணும் வேகத்திலேயே எண்ணி, நான்கு நொடியைக் கொஞ்சம் தாண்டியதும் ஆறுக்கு வந்துவிட்டாள். அது எளிதில் தீர்ந்தது. காதில் நொடிக்கொரு தட்டு ஓட விட்டு, அதனோடு சேர்ந்து எண்ணச் சொன்னோம். தட்டோடு எண்ணியதும் எல்லாம் சரி என்று நினைத்து, டைம்லைனில் வைத்துப் பார்த்தால் மின்னலுக்கும் இடிக்கும் இடையே 125 பிரேம்தான் இருந்தது. ஐந்து நொடி.

கொஞ்ச நேரம் பதிவு வெட்டுப்பட்டிருக்கும் என்று தேடினோம். கடைசியில் தவறு ஸ்கிரிப்டில் இருந்தது. “மின்னல் வெட்டுகிறது. சிறுமி: ஒண்ணு...” என்று நான்தான் எழுதியிருந்தேன். மின்னலோடு சேர்ந்தே ‘ஒண்ணு’ என்றால் ‘ஆறு’ வரும்போது கடந்திருப்பது ஐந்து நொடி. அதன்படி தூரம் 1,700 மீட்டர் சொச்சம், அவள் சொல்வதோ இரண்டு கிலோமீட்டர். மின்னல் வெட்டும் கணம் பூஜ்ஜியம், ஒரு நொடி முழுதாகக் கழிந்த பிறகுதான் ‘ஒண்ணு’. ஆனால் அந்த முதல் நொடியில் அவள் சும்மா நின்றால் மறந்துவிட்டாள் போல இருக்கிறது. அதனால் மின்னலோடு “இப்போ!” என்று ஒரு சொல் கொடுத்தோம். கடிகாரம் அந்தச் சொல்லில் தொடங்கும். 25-ஆம் பிரேமில் ‘ஒண்ணு’, 50-இல் ‘ரெண்டு’, அப்படியே 150-இல் ‘ஆறு’, கூடவே இடி.

எண்கள் திரையில் குதிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. 25-ஆம் பிரேமில் எண் பெரிதாகத் தொடங்கினால் அது முழு அளவுக்கு வர நான்கு பிரேம் ஆகும், பார்ப்பவருக்கு ஒலிக்குப் பின்னால் வந்தது போலத் தோன்றும். நான்கு பிரேம் முன்னாலேயே தொடங்கி, உச்சம் ஒலியோடு விழும்படி வைத்தோம். பீட் தாளில் எழுதும் நேரம் அசைவு தொடங்கும் நேரமா, உச்சிக்கு வரும் நேரமா என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் படம் முழுக்க நான்கைந்து பிரேம் பிந்திக் கிடக்கும்.

அடுத்து ஒலி அலை. மேகத்திலிருந்து சிறுமி வரை ஒரு கோடு, நடுவில் ஒரு கிலோமீட்டர் குறி. அலை ‘மூணு’க்குக் குறியைத் தொட வேண்டும், ‘ஆறு’க்கு அவளைத் தொட வேண்டும். மோஷன் கிராபிக்ஸ் செய்தவர் பழக்க தோஷத்தில், அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் கீஃபிரேம்களுக்கு ஈஸிங் போட்டிருந்தார். அதாவது மெல்லக் கிளம்பி, நடுவில் வேகம் பிடித்து, மெல்ல நிற்கும் அசைவு. இரு பக்கமும் சமமான ஈஸிங் என்பதால் ‘மூணு’க்குச் சரியாகக் குறியைத் தொட்டது, ‘ஆறு’க்குச் சரியாக அவளையும் தொட்டது. சோதித்துப் பார்த்த இரண்டு இடத்திலும் தேர்ச்சி. ஆனாலும் ஏதோ நெருடியது. ‘ஒண்ணு’க்கு அலை மேகத்தடியிலேயே நின்றது. ‘அஞ்சு’க்கு அவளை நெருங்கிவிட்டு, தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தது. ஒலி களைத்துப்போய்விட்டது போல. உண்மையில் அது கடைசி வரை ஒரே வேகத்தில்தான் வரும். ஈஸிங்கை எடுத்துவிட்டு நேர்கோட்டு அசைவாக்கினோம். அழகு கொஞ்சம் குறைந்தது, அலை திடமாக வந்தது.

ஒளிக்கும் ஒரு அலை வரையலாமே என்று அவர் கேட்டார். ஒரு பிரேம் என்பது நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி 12,000 கிலோமீட்டர் போய்விடும். இரண்டு கிலோமீட்டரில் அதற்கு வரைய இடமே இல்லை. மின்னல் வெட்டும் அதே பிரேமில் சிறுமியின் முகம் வெளுக்கிறது, வேறு எதுவும் இல்லை.

சிறுமி எங்கே நிற்கிறாள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, அனிமேட்டிக்கின் கடைசிச் சுற்றில் அந்த ஆசிரியர்தான் கேட்டார். ஸ்டோரிபோர்டில் அவள் திறந்தவெளியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பரந்த வானம், சின்ன உருவம், நல்ல படம். இரண்டு கிலோமீட்டரில் மின்னல் விழும்போது அப்படி நிற்பது ஆபத்து. இடி காதில் கேட்கிறது என்றாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அறிவைச் சொல்லும் படம், மழைக்கு முன் வெளியே நின்று எண்ணிப் பார்க்கத் தூண்டுவதாக ஆகியிருக்கும்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் உள்ளே போக வேண்டும் என்று இருந்தது. ஏற்கெனவே 3 நொடி, 30,000 டிகிரி என்று இரண்டு எண்கள் ஓடியிருக்கின்றன, மூன்றாவதாக 30 வந்தால் குழந்தை மூன்றையும் குழப்பிக்கொள்ளும். எண்ணையே எடுத்துவிட்டு அதை இடியின் வாயில் வைத்தோம்: “என் குரல் கேட்டுச்சா? அப்போ உள்ளேயே இரு.”

சிறுமியை ஜன்னலுக்கு உள்பக்கம் கொண்டுவந்தோம். பின்னணி ஓவியம் இரண்டு வீணாயின, அனிமேட்டிக் கட்டத்திலேயே தெரிந்ததால் அதோடு போனது. முகம் வெளுக்கும் காட்சியும் கண்ணாடி வழியாகவே நன்றாக அமைந்தது. 150-ஆம் பிரேமில் இடி வருகிறது, 152-இல் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, சிறுமி விரல்களை மடக்கியபடியே “ரெண்டு கிலோமீட்டர்” என்கிறாள்.